பேக் ரேங்க் மேட்: செக் வைக்கும் முன் என்ன பார்க்க வேண்டும்? முழுமையான வழிகாட்டி

ராஜா தன் பக்கத்துக் கடைசி வரிசையில் அடைபட்டு நிற்கும்போது, ரூக்கோ ராணியோ அந்த வரிசையில் வந்து வைக்கும் மேட்தான் பேக் ரேங்க் மேட். பாளையங்கோட்டையில் ஞாயிற்றுக்கிழமை செஸ் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் அது தெரியாதவர்கள் அநேகமாக இல்லை. கேட்டால் உடனே போர்டில் வைத்துக் காட்டிவிடுவார்கள். ஆனால் டோர்னமென்ட் ஆட்டம் என்று வந்தால் இரண்டு விதமாகத் தடுக்கி விழுகிறார்கள். மேட் இல்லாத இடத்தில் ரூக்கைக் கொண்டுபோய்ச் சும்மா கொடுக்கிறார்கள். மேட் இருக்கிற இடத்தில், "அங்கேதான் அவனோட ரூக் நிக்குதே" என்று யோசிக்காமலே விட்டுவிடுகிறார்கள்.

இரண்டு தவறும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. எதை முதலில் பார்ப்பது, எதை அடுத்துப் பார்ப்பது என்ற முறை அவர்களிடம் இல்லை. அந்த முறையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

## 1. முதலில் தேவையானவை

ஒரு போர்டும் காய்களும் எடுத்துக்கொள்ளுங்கள். மனதுக்குள் ஓட்டிப் பார்க்கலாம்தான். ஆனால் புதிதாகப் படிப்பவர்கள் காய்களை வைத்துப் பார்த்தால்தான் எந்தக் கட்டம் அடைபட்டிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

கட்டங்களுக்கு a1 முதல் h8 வரை உள்ள பெயர்கள் தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் யானை என்று பழகியவர்கள், இங்கே ரூக் என்று வரும் இடத்தில் அதையே நினைத்துக்கொள்ளலாம். கீழ்வரிசை என்று நான் சொல்வது, வெள்ளைக்கு முதல் வரிசை, கறுப்புக்கு எட்டாம் வரிசை. காஸில் செய்த ராஜா உட்காரும் வரிசை அது.

இந்த அமைப்பை வையுங்கள். வெள்ளை: ராஜா g1, ரூக் e1, சிப்பாய்கள் f2, g2, h2. கறுப்பு: ராஜா g8, ரூக் a7, சிப்பாய்கள் f7, g7, h7. வெள்ளை ரூக்கை e8-க்கு நகர்த்தினால் மேட். இதை அப்படியே போர்டில் விட்டுவையுங்கள். அடுத்த இரண்டு படிகளிலும் இதில் ஒரு காயை மட்டும் மாற்றி மாற்றிப் பார்க்கப் போகிறோம்.

## 2. ராஜா போகக்கூடிய கட்டங்களை எண்ணுங்கள்

செக் எங்கே வைப்பது என்பது அப்புறம். முதலில் ராஜாவைச் சுற்றிப் பாருங்கள். ஏனென்றால் ராஜாவுக்கு ஒரு கட்டம் திறந்திருந்தாலே மீதிக் கணக்கு எல்லாம் வீண்.

g8-ல் இருக்கும் ராஜாவுக்கு முன்னால் f7, g7, h7 என்று மூன்று கட்டங்கள், பக்கத்தில் f8, h8 என்று இரண்டு. பக்கத்துக் கட்டங்களை e8-ல் வரும் ரூக்கே பார்த்துக்கொள்ளும். இங்கே ஒரு சந்தேகம் கட்டாயம் வரும்: "சார், அவன் h8-க்குப் போயிருவான்லா?" போக முடியாது. ராஜா நகர்ந்ததும் g8 காலியாகிவிடும், ரூக்கின் கோடு அப்படியே h8 வரை நீளும். செக் வந்த கோட்டிலேயே பின்வாங்கித் தப்பிக்க வழியில்லை.

மீதி முன்னால் உள்ள மூன்று கட்டங்கள். ஒவ்வொன்றும் இரண்டில் ஒரு காரணத்தால் அடைபட்டிருக்க வேண்டும். ஒன்று, அங்கே ராஜாவின் சொந்தக் காயே நிற்க வேண்டும். இல்லையென்றால், நம் காய் ஒன்று அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இந்த இரண்டாவது காரணத்தைத்தான் பிள்ளைகள் தவறவிடுகிறார்கள்.

போர்டில் கறுப்பின் h7 சிப்பாயை h6-க்கு நகர்த்துங்கள். இப்போது h7 காலி, ராஜா அங்கே போய்விடலாம். ரூக் e8 மேட் இல்லை. சரி, வெள்ளைக்கு d3-ல் ஒரு பிஷப்பை வையுங்கள். அது e4, f5, g6 வழியாக h7-ஐப் பார்க்கிறது. இப்போது ரூக் e8 மறுபடியும் மேட். சிப்பாய் நகர்ந்திருப்பதைப் பார்த்ததுமே "இவனுக்கு வழி இருக்கு" என்று முடிவு கட்டி, இந்த மேட்டை விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

செக் வைப்பது ரூக்கா ராணியா என்பதும் இந்த இடத்தில் முக்கியம். h சிப்பாயை h7-க்கே திருப்பி வைத்து, பிஷப்பையும் f7 சிப்பாயையும் எடுத்துவிடுங்கள். ரூக் e8 வைத்தால் ராஜா f7-க்கு ஏறி ரூக்கையே தாக்குவார். அதே e8-ல் ராணி வந்தால் f7-ஐக் குறுக்காக ராணியே பார்க்கும், அதனால் மேட். ஆனால் ராணி d8-லிருந்து செக் வைத்தால் f7 தப்பும் கட்டமாகிவிடும். ராணி என்றால் எந்தக் கட்டத்திலிருந்து செக் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

## 3. செக்கை மறிக்க முடியுமா, செக் வைத்த காயை வெட்ட முடியுமா?

ராஜா நகர முடியாது என்று உறுதியானதும் அடுத்த வேலை இது. f7 சிப்பாயைத் திருப்பி வையுங்கள். ரூக் e8-ல் வந்தால் ராஜாவுக்கும் அதற்கும் நடுவில் f8 என்று ஒரே ஒரு கட்டம். கறுப்பின் ஒவ்வொரு காயையும் எடுத்து இரண்டு கேள்வி கேளுங்கள்: இது f8-க்கு வருமா? இது e8-ஐ வெட்டுமா?

a7 ரூக் இரண்டையும் செய்யாது. அதை a8-ல் வைத்தால் e8-ஐ வெட்டிவிடும். d6-ல் கறுப்பு பிஷப் இருந்தால் அது e7 வழியாக f8-க்குத் திரும்பி வந்து மறிக்கும். d7-ல் குதிரை இருந்தால் அதுவும் f8-க்கு வரும். f6-ல் குதிரை இருந்தால் e8-ஐயே வெட்டும்.

இதில் மிக அதிகமாகத் தவறுவது பின்னால் திரும்பி வரும் பிஷப்தான். முன்னே போன காய் பின்னேயும் வரும் என்பது ஆட்ட வேகத்தில் கண்ணில் படுவதில்லை. வகுப்பில் ஒரு பையன் கையில் ரூக்கைத் தூக்கிக்கொண்டு "மேட்!" என்று சொல்லும்போது நான் ஒன்றைத்தான் கேட்பேன்: "ஏல, அந்த பிஷப் வீட்டுக்குத் திரும்பி வருமா, வராதா?" டோர்னமென்ட்டில் கேட்க ஆள் கிடையாது. தொட்ட காயை ஆடியே தீர வேண்டும். அதனால் கையைப் போர்டுக்குக் கொண்டுபோகும் முன்பே இந்தக் கேள்வியை முடித்துவிடுங்கள்.

தூரமும் கணக்கில் வரும். ரூக் a8-லிருந்து செக் வைத்தால் b8 முதல் f8 வரை ஐந்து கட்டங்களில் எங்கு வேண்டுமானாலும் மறிக்கலாம். இரண்டு வழிகள் இருந்தால் ராஜாவுக்குக் கிட்டப் போகிற வழியே பெரும்பாலும் நல்லது.

## 4. நுழையும் கட்டத்தில் ஆள் கணக்கு

இப்போது கொஞ்சம் கடினமானது. எதிராளியின் கீழ்வரிசையில் காவல் இருக்கிறது. அப்போதும் மேட் உண்டா?

புதிய அமைப்பு. வெள்ளை: ராஜா g1, ராணி e3, ரூக் e1, சிப்பாய்கள் a2, f2, g2, h2. கறுப்பு: ராஜா g8, ராணி b2, ரூக் d8, சிப்பாய்கள் a7, f7, g7, h7. வெள்ளையின் ஆட்டம்.

நாம் நுழைய நினைக்கும் கட்டம் e8. அதை நம் பக்கம் பார்ப்பவர்கள் எத்தனை பேர்? ராணி ஒன்று, அதன் பின்னால் அதே கோட்டில் நிற்கும் ரூக் இன்னொன்று, ஆக இரண்டு. அவர்கள் பக்கம் d8 ரூக் மட்டும். நம்மிடம் ஒன்று கூடுதல். அப்படியென்றால் ராணியை e8-ல் வைக்கலாம். ரூக் ராணியை வெட்டும், நம் ரூக் அதை வெட்டும், மேட்.

ராணியைக் கொடுப்பதற்கு மனம் வராது. ஆனால் இங்கே காய்களின் மதிப்புக்கு வேலையே இல்லை. கடைசியாக அந்தக் கட்டத்தில் யாருடைய காய் நிற்கிறது என்பது மட்டும்தான் கேள்வி. நம் ஆட்கள் அவர்கள் ஆட்களைவிட ஒன்றாவது கூடுதலாக இருந்தால் கடைசிக் காய் நம்முடையது. சமமாக இருந்தால் அவர்களுடையது.

சோதித்துப் பாருங்கள். கறுப்பு ராணியை b2-லிருந்து b5-க்கு மாற்றுங்கள். இப்போது அது c6, d7 வழியாக e8-ஐப் பார்க்கிறது. இரண்டுக்கு இரண்டு. ராணி e8, ரூக் வெட்டும், நம் ரூக் வெட்டும், அவர்கள் ராணி வெட்டும். நம்மிடம் ஒன்றும் மிச்சமில்லை.

இந்தக் கணக்கில் இரண்டு பிழைகள் வரும். ஒரே கோட்டில் பின்னால் நிற்கும் காயைச் சேர்க்க மறப்பது ஒன்று. குறுக்குக் கோட்டில் தூரத்திலிருந்து பார்க்கும் ராணியையோ பிஷப்பையோ விட்டுவிடுவது இன்னொன்று. அதனால் e8-ல் விரலை வைத்துக்கொண்டு (போட்டியில் என்றால் கண்ணை வைத்துக்கொண்டு) நேர்கோடுகள், குறுக்குக் கோடுகள், குதிரைத் தாவல்கள் என்று இதே ஒழுங்கில் வெளிநோக்கிப் பாருங்கள். காயிலிருந்து கட்டத்தைத் தேடுவதைவிடக் கட்டத்திலிருந்து காயைத் தேடுவது பிழையில்லாமல் வரும்.

## 5. கணக்கு பத்தவில்லை என்றால், காவலை இழுங்கள்

ஒரு உண்மையான ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1914-ல் மாஸ்கோவில் பெர்ன்ஸ்டைன் வெள்ளையும் காபப்ளாங்கா கறுப்பும் ஆடியது. 29-வது நகர்வில் கறுப்பின் முறை. இந்த வரியை எந்தச் செஸ் தளத்திலும் ஒட்டினால் அமைப்பு வந்துவிடும்:

```
3r2k1/p4ppp/1q6/8/8/2R1P3/P3QPPP/6K1 b - - 0 29
```

போர்டில் வைப்பவர்களுக்கு: வெள்ளை ராஜா g1, ராணி e2, ரூக் c3, சிப்பாய்கள் a2, e3, f2, g2, h2. கறுப்பு ராஜா g8, ராணி b6, ரூக் d8, சிப்பாய்கள் a7, f7, g7, h7. வெள்ளைக்கு ஒரு சிப்பாய் கூடுதல்.

நம் படிகளையே ஓட்டுவோம். வெள்ளை ராஜாவுக்கு முன்னால் மூன்று கட்டமும் அடைப்பு. கறுப்பு ரூக் d1-ல் நுழையலாம். ஆனால் d1-ஐ e2 ராணி பார்க்கிறது, உடனே ரூக் d1 வைத்தால் ராணி வெட்டிவிடும். சரி, முதலில் ராணியை b1-ல் வைத்துச் செக் கொடுத்தால்? வெள்ளை ராணி f1-க்கு வந்து மறிக்கும். இப்போது ரூக்கை d1-க்குக் கொண்டுபோய் அழுத்தலாமே என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து. d8-ஐ விட்டு ரூக் கிளம்பியதும் வெள்ளை ரூக் c8-ல் செக். கறுப்பு ரூக் d8-க்குத் திரும்பி மறித்தால் அதை வெட்டி மேட். கறுப்பின் கீழ்வரிசையும் அதே அளவுக்குப் பலவீனம் என்பதை மறந்தால் வெல்ல வேண்டிய ஆட்டம் தோற்றுப்போகும்.

காபப்ளாங்கா ஆடியது ராணி b2. செக் இல்லை. பார்த்தால் ராணியைச் சும்மா வைத்ததுபோல இருக்கும். ஆனால் அது ஒரே நேரத்தில் e2 ராணியையும் c3 ரூக்கையும் தாக்குகிறது. வெள்ளையின் பதில்களை ஒவ்வொன்றாக ஆடிப் பாருங்கள்.

ராணி ராணியை வெட்டினால் d1-க்குக் காவல் போய்விட்டது. ரூக் d1 மேட்.

ராணி e1-க்கு ஒதுங்கினால் கறுப்பு ராணி c3 ரூக்கை வெட்டும். அந்த ராணியை வெள்ளை வெட்டினால் ரூக் d1 செக், ராணி e1-க்கு வந்து மறிக்கும், ரூக் அதை வெட்டி மேட்.

ரூக் c2-க்கு வந்து b2 ராணியைத் தாக்கினால், கறுப்பு ராணி b1-ல் செக். ராணி f1-ல் மறித்ததும் c2 ரூக் அநாதையாக நிற்கும், வெட்டிக்கொள்ளலாம்.

ராணி d3-க்கு வந்தால் கொஞ்சம் கவனம் வேண்டும். கறுப்பு ரூக்கால் அந்த ராணியை வெட்டத் தோன்றும், ஆனால் வெட்டினால் வெள்ளை ரூக் c8-ல் வந்து மேட்டில் முடியும். சரியான பதில் ராணி a1 செக். ராணி f1-க்கு வந்து மறித்தால் c3 ரூக் விழும்.

எந்தப் பதிலிலும் ரூக்குக்குக் குறையாத நஷ்டம். பெர்ன்ஸ்டைன் அங்கேயே ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

இதில் தேட வேண்டியது என்ன என்று புரிந்துகொண்டால் உங்கள் ஆட்டத்திலும் கிடைக்கும். நுழையும் கட்டத்துக்கு ஒரே ஒரு காவல்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்தக் காயை நகர வைக்கவோ வெட்ட வைக்கவோ என்ன செய்யலாம் என்று யோசியுங்கள். நாம் கொடுக்கும் காயை அது வெட்டினாலும் காவல் போகும், வெட்டாமல் ஒதுங்கினாலும் வேறு எதையாவது இழக்கும். இப்படி இரண்டு பக்கமும் இழுபடும் காயைத்தான் தாக்க வேண்டும். செக் வைத்துக்கொண்டே போனால் இது கண்ணில் படாது.

## 6. உங்கள் ராஜாவுக்கு வாசல் திறந்து வைப்பது

இதையெல்லாம் எதிராளியும் படித்திருப்பார். எங்கள் ஊர் வளவில் வீடுகள் வரிசையாக இருக்கும், தெருவுக்கு வர ஒரே வாசல்தான். அந்த வாசலில் யாராவது வண்டியை நிறுத்திவிட்டால் உள்ளே இருப்பவர் பாடு திண்டாட்டம். காஸில் செய்த ராஜாவின் நிலைமை அதுதான். அதனால் ஒரு சிப்பாயை நகர்த்தி வழி விடுவதை வகுப்பில் வாசல் திறப்பது என்றே சொல்கிறோம்.

எந்தச் சிப்பாயை நகர்த்துவது? கண்ணை மூடிக்கொண்டு h3 ஆடுவது பழக்கமாகிவிட்டது. அதற்கு முன் எதிராளியிடம் எந்த நிறக் கட்டத்து பிஷப் மிச்சமிருக்கிறது என்று பாருங்கள். வெள்ளை ராஜா g1-ல் இருந்தால் h3 திறப்பது h2 கட்டத்தை, அது கறுப்புக் கட்டம். எதிராளியின் பிஷப் d6-ல் நின்றால் e5, f4, g3 வழியாக அது h2-ஐப் பார்க்கிறது. வாசலைத் திறந்தும் பயனில்லை. அப்போது g3 ஆடுங்கள், திறப்பது g2, அது வெள்ளைக் கட்டம். எதிராளியிடம் வெள்ளைக் கட்ட பிஷப் மட்டும் இருந்தால் h3 சரி. அவருடைய பிஷப் நடக்காத நிறத்தில் வாசல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கறுப்புக்கும் இதே விதி, ஆனால் நிறம் மாறும்: h6 திறக்கும் h7 வெள்ளைக் கட்டம், g6 திறக்கும் g7 கறுப்புக் கட்டம்.

பிஷப் இல்லாவிட்டாலும் g4-ல் ஒரு குதிரையோ அந்தக் குறுக்குக் கோட்டில் ஒரு ராணியோ h2-ஐப் பார்க்கலாம். திறந்தபின் ஒருமுறை சரிபாருங்கள்.

எப்போது திறப்பது? பத்தாவது நகர்விலேயே அவசரப்பட வேண்டாம். காய்களை வெளியே கொண்டுவர வேண்டிய நேரத்தில் ஒரு நகர்வை அதற்குச் செலவழித்தால் வேறு இடத்தில் பிந்திவிடுவோம். இரண்டு அடையாளங்களைக் கவனியுங்கள். d அல்லது e கோடு திறந்து ரூக்குகள் எதிரெதிரே நிற்க ஆரம்பித்திருக்க வேண்டும். உங்கள் கடைசி ரூக் கீழ்வரிசையை விட்டு வெளியே போகப் போகிறதாக இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால், ரூக் கிளம்புவதற்கு முந்தின நகர்விலேயே வாசலைத் திறந்துவிடுங்கள். கிளம்பியபின் திறக்க நேரம் கிடைக்காது, செக் வந்திருக்கும். எதிராளியின் பிஷப்போ குதிரையோ g4-ல் நிற்கும்போது h3 ஆட முடிந்தால் இன்னும் நல்லது, தாக்கிக்கொண்டே திறந்தாயிற்று.

## 7. ஆட்டத்தின் நடுவில் இதை எப்போது ஓட்டுவது

ஒவ்வொரு நகர்வுக்கும் முழுக் கணக்கையும் ஓட்டினால் நேரம் போதாது. ரேபிட் ஆட்டத்தில் நடக்கவே நடக்காது. நான் பிள்ளைகளுக்குச் சொல்வது: இரண்டு ராஜாக்களின் முன்னாலும் மூன்று கட்டங்களை மட்டும் பாருங்கள். இரண்டு பக்கமும் திறந்திருந்தால் விட்டுவிடலாம். ஒரு பக்கமாவது அடைபட்டிருந்து, போர்டில் ரூக்கோ ராணியோ இருந்தால், அங்கிருந்து 3, 4, 5-ம் படிகளைத் தொடங்குங்கள்.

முக்கியமாக, ஒரு சிப்பாயை வெட்ட ராணியோ ரூக்கோ தூரமாகப் போகும் ஒவ்வொரு முறையும் நின்று பாருங்கள். 4-ம் படியில் கறுப்பு ராணி b2-ல் ஏன் இருந்தது? அங்கே இருந்த சிப்பாயை வெட்டப் போனதால். b5-ல் இருந்தவரை e8 பத்திரமாக இருந்தது. காவல் நிற்கும் காய் வேறு வேலைக்குப் போகும் அந்த ஒரு நகர்வில்தான் பெரும்பாலான பேக் ரேங்க் மேட்டுகள் வருகின்றன, எதிராளி அப்படிப் போகும்போதும் சரி, நீங்கள் போகும்போதும் சரி.